காலில் விழுந்தால்தான் காலாட வருமா?

அவிநாசியில் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை செய்யும் தோழர் ஒருவர், ஒன்பது வயதுள்ள தமது பெண்ணைப் பரதநாட்டியப் பள்ளிக்கு அனுப்புகிறார். பாடம் ஆரம்பிக்குமுன் தினமும் அந்தப் பெண் தரையைத் தொட்டுக் கும்பிட்டு, பிறகு உபாத்தியாயரின் காலில் விழ வேண்டுமாம். "நாம் சுயமரியாதைக்காரர், இதைச் செய்யச் சொல்லலாமா? செய்யாவிட்டால் வித்தை வராதென்கிறார்களே?" என்று நம்மைக் கேட்கிறார். கேள்வி சிறியதுதான். ஆனால் விஷயம் சிறியதல்ல.

முதலில் அந்தக் கும்பிடு இன்னதென்று பார்ப்போம். நட்டுவனார்கள் இதைத் தட்டிக்கும்பிடுதல் என்பார்கள். பாதங்களைச் சேர்த்து நின்று, கைகளை மார்புக்கு நேரே வைத்து, வலது கால் ஒரு தட்டு, இடது கால் ஒரு தட்டு தட்டி, கைகளை நீட்டிச் சுற்றி, முழுமண்டியில் உட்கார்ந்து, விரலால் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி எழுந்து, கடைசியில் தலைக்கு மேலே ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று, மார்பில் ஒன்றாக மூன்று கும்பிடு போட வேண்டும். பள்ளிக்குப் பள்ளி சிறிது மாறும்.

தரையைத் தொடுவதற்குச் சொல்லப்படும் காரணம், பூமாதேவியைக் காலால் உதைக்கப் போவதால் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்பதாம். மாடி மேல் சிமெண்டுத் தரையில் ஆடும் பெண், கீழே குடியிருக்கிறவரிடமல்லவா மன்னிப்புக் கேட்க வேண்டும்? நாளெல்லாம் தறிக்குழியில் மிதிக்கிற நெசவாளி யாரிடம் கேட்பது? இடுப்பும் முழங்காலும் இளகுவதற்காக உட்கார்ந்து எழுவது என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால் நாமும் ஒப்புவோம். ஆனால் ஒரு தடவை உட்கார்ந்து எழுவது அதற்குப் போதாது. பத்து இருபது தடவை செய்யட்டும். அதற்குப் பெயர் தேகப்பயிற்சி, பக்தியல்ல.

இனி அந்த மூன்று கும்பிடுகள். தலைமேல் கடவுளுக்கு, முகத்தில் குருவுக்கு, மார்பில் சபையோருக்கு என்று இன்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் நூல் நந்திகேசுவரர் பெயரால் வழங்கும் அபிநய தர்ப்பணம். ஆனந்த குமாரசாமியும் இன்னொருவரும் அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்து 1917-லேயே அச்சிட்டார்கள். ஆகவே யாரும் பார்த்துக்கொள்ளலாம். அதில் அஞ்சலி முத்திரையைத் தலையில் தேவர்களுக்கும், முகத்தில் குருவுக்கும், மார்பில் விப்பிரருக்கும், அதாவது பார்ப்பனருக்கும் என்றுதான் இருக்கிறது. சபையோர் என்ற பேச்சு அந்த இடத்தில் இல்லை.

யாரோ வெட்கப்பட்டு மூன்றாவதை மாற்றியிருக்கிறார்கள். அதை நாம் குறை சொல்லவில்லை, நல்ல காரியந்தான். ஆனால் மூன்றில் ஒன்றை ஓசையின்றி மாற்றியும் பூமி பிளக்கவில்லை, ஒரு பெண்ணுக்கும் ஜதி மறந்துபோகவில்லை என்றால், மற்ற இரண்டை மட்டும் தொடக்கூடாது என்பது எந்த நியாயம்?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. குருவே தெய்வம் என்று சொன்ன நாட்டில், இந்த வித்தையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிக் கொடுத்த நட்டுவனார், மேளக்காரர் கூட்டத்துக்குக் கிடைத்த மரியாதை என்ன? காணாடுகாத்தானில் ஒரு கலியாண ஊர்வலத்தில், நாதசுரக்காரர் தோளில் துண்டு போடக்கூடாதென்று பணக்காரர்கள் தகராறு செய்ய, எடுக்காதே என்று பட்டுக்கோட்டை அழகிரி பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியிருந்தது. வேர்வையைத் துடைக்கிற துண்டு! அவர்கள் வீட்டுப் பெண்களைப் பொட்டுக்கட்டி ஊருக்குப் பொதுவாக்கிய வழக்கத்தை ஒழிக்க 1947-ல் சென்னைச் சட்டசபை சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. அந்தப் பெண்களும் தினமும் தட்டிக் கும்பிட்டவர்கள்தாம். கும்பிடு அவர்களைக் காப்பாற்றவில்லை. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று ருக்மிணி தேவி அம்மையார் 1935-ல் அடையாற்றில் ஆடிய பிறகுதான், மேல்ஜாதி வீடுகளுக்கு இந்த ஆட்டம் தெய்வீகக் கலையாகத் தெரிந்தது. ஆட்டம் மாறவில்லை, ஆடுகிறவர்களின் ஜாதி மாறிற்று.

ஆகையால் உபாத்தியாயருக்கு மரியாதை வேண்டாமென்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். தட்டுக்கழியைப் பிடித்துத் தாளம் தட்டி, அரைமண்டி உயர்ந்தால் கண்டித்து, ஒரே அடவை நூறு தடவை சொல்லிக் கொடுக்கிறவர் பாடுபடுகிற மனிதர். பெண் நிமிர்ந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்து "வணக்கம்" என்று சொல்லட்டும். அவரும் திருப்பி "வணக்கம்" சொல்லட்டும். காலில் விழுந்தவளுக்கு ஆசீர்வாதம் கிடைக்கும். ஆனால் பாதம் ஏன் பக்கவாட்டில் திரும்ப வேண்டும், இந்தப் பதத்தின் பொருள் என்ன என்று கேட்கத் தைரியம் வராது. கேட்காத பிள்ளைக்கு வித்தை பாதிதான் வரும்.

தோழர் உபாத்தியாயரைத் தனியே கண்டு இதைத் தாழ்மையாய்ச் சொல்லட்டும். பெண்ணின் வாயால் சொல்ல வைத்து, வகுப்பில் அவளை மாட்டிவிட வேண்டாம். தேகப்பயிற்சியாக முழுமண்டி செய்யச் சொன்னால் செய்யட்டும். சம்பளத்தை மாதம் முதல் தேதியிலேயே கொடுத்துவிடட்டும். பாக்கி வைத்துக்கொண்டு கொள்கை பேசப் போனால் எடுபடாது. அவர் ஒப்பாவிட்டால், திருப்பூர், கோயமுத்தூர்ப் பக்கம் வேறு உபாத்தியாயர் இல்லாமற் போகவில்லை.