பத்து ரூபாய் கேட்கும் திருடன்!

"இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும். போன மாத பில் கட்டவில்லை."

2022-ம் ஆண்டில் இப்படி ஒரு தகவல் நாடெங்கும் பலருடைய செல்போனுக்கு வந்தது. கோரிப்பாளையத்தில் ஒரு வீட்டுக்கு அது வந்தால் என்ன ஆகும்?

வீட்டு அம்மாள் பதறுவார். தகவலில் உள்ள "லிங்க்"கைத் தொடுவார். போனில் ஒரு செயலி ஏறிக்கொள்ளும். "10 ரூபாய் மட்டும் கட்டுங்கள்" என்பான் எத்தன். அவர் கட்டும்போது அட்டை எண்ணும், ஓ.டி.பி. எண்ணும் அவன் கண்ணில் படும். சேமிப்பு முழுவதும் போய்விடும்!

பொய் எப்படித் தெரியும்? அப்போது தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. "போன மாத பில்" எங்கே இருந்து வந்தது? தகவல் வந்ததும் யாரோ ஒருவருடைய 10 இலக்க செல்போன் எண்ணில் இருந்து!

ஆகவே குடும்பத்துக்கு ஒரே சட்டம் போதும். தகவலில் வந்த லிங்க்கைத் தொட்டுப் பணம் கட்டக்கூடாது. சந்தேகம் வந்தால் மின்வாரிய அலுவலகத்தில் நேரில் கேட்கலாம்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது. உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும். திருடன் பணத்தை எடுக்கும் முன்பு வங்கியில் தடுக்க முடியும். எடுத்துவிட்டால் மீட்பது கடினம்.