மஞ்சள் ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கும் விலை

பேரங்காடித் தட்டுகளின் விளிம்பில் வரிசையாகச் செருகியிருக்கும் விலைச்சீட்டுகளைப் படமெடுத்து, பிறகு அட்டவணையாக எழுதும் செயல்திட்டத்தைப் பல பள்ளிகளில் கொடுக்கிறோம். பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் எடுத்த இத்தகைய படங்களை என் மாணவர்கள் கொண்டுவந்தபோது, பெரும்பாலான அட்டவணைகளில் பொருளின் பெயரும் விலையும் மட்டுமே இருந்தன. சீட்டின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும் அலகு விலையை, அதாவது 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிலிட்டருக்கு எவ்வளவு என்ற எண்ணை, யாரும் எழுதவில்லை. அந்தச் சிறிய எண்ணைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். 850 கிராம் சலவைத் தூள். சீட்டின் பெரிய எண்ணை மறைத்து மஞ்சள் சலுகை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள், அதில் 8.90 வெள்ளி. மூலையில் மறைக்கப்படாமல் இருக்கும் அலகு விலை, 100 கிராமுக்கு 1.28 வெள்ளி. இப்போது வகுத்துப் பாருங்கள். 8.90-ஐ 8.5-ஆல் வகுத்தால் 1.05 வருகிறது, 1.28 அல்ல. ஸ்டிக்கர் விலையை மட்டுமே மாற்றியிருக்கிறது. அலகு விலை பழைய விலைக்கு உரியதாகவே நிற்கிறது.

இதைக் கண்டதும் “அச்சுப் பிழை” என்று நினைத்து 1.28-ஐ 1.05 என்று திருத்தி எழுதும் மாணவர்கள் உண்டு. அப்படித் திருத்தினால் மறைந்த விலையின் ஒரே தடயமும் போய்விடும். 1.28-ஐ 8.5-ஆல் பெருக்கினால் 10.88 வெள்ளி. ஆனால் அதுதான் பழைய விலை என்று எழுதிவிடவும் முடியாது. அலகு விலையைச் சென்னுக்கு முழுமையாக்கித்தான் அச்சிடுகிறார்கள். 1.275 முதல் 1.285 வரை உள்ள எதுவும் 1.28 ஆகத் தெரியும். எனவே பழைய விலை 10.84-க்கும் 10.92-க்கும் இடையில் ஏதோ ஒன்று. 10.90 ஆக இருக்கலாம், 10.88 ஆகவும் இருக்கலாம். 1 சென் நாணயம்தான் புழக்கத்தில் இல்லையே என்று கேட்பீர்கள். 2008 ஏப்ரலில் வந்த 5 சென் முழுமையாக்கல் மொத்த ரசீதுக்குத்தான். தனிப்பொருளின் விலைக்கு அல்ல.

ஆகவே அட்டவணையில் சீட்டில் தெரியும் விலை, ஸ்டிக்கர் விலை, அச்சிட்ட அலகு விலை ஆகியவை தனித்தனிப் பத்திகளில் வரட்டும். மறைந்த விலையின் கட்டம் காலியாகவே இருக்கட்டும். கணக்கிட்டுப் பெற்ற “10.84 முதல் 10.92 வரை” என்பதை வேறொரு பத்தியில் எழுதுங்கள். கண்ணால் பார்த்ததையும் கணக்கிட்டுப் பெற்றதையும் ஒரே கட்டத்தில் கலந்தால், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. அலகையும் எழுத மறக்காதீர்கள். பக்கத்துச் சீட்டு கிலோவுக்குக் கணக்குச் சொல்லலாம்.

இதே வகுத்தல் வேறொரு பிழையையும் பிடித்துக் கொடுக்கும். மங்கலான படத்தில் 3-உம் 8-உம் ஒன்றுபோல் தெரியும். 500 கிராம் பொட்டலத்துக்கு 6.80 என்று எழுதியிருக்கிறீர்கள், அலகு விலையோ 1.26 என்றால், சரியான எண் 6.30. ஸ்டிக்கர் இல்லாத சீட்டில் கணக்கு ஒத்துவராவிட்டால், முதலில் உங்கள் வாசிப்பைச் சந்தேகியுங்கள். இன்னொன்று, சீட்டு எந்தப் பொருளுக்கு உரியது என்பது. தட்டின் விளிம்பில் உள்ள சீட்டு பெரும்பாலும் அதற்கு மேலே நிற்கும் பொருளுக்கு உரியது. படத்தில் அது கீழ்த்தட்டுப் பொருளின் தலைக்கு மேல் தொங்குவது போலத் தெரிவதால் ஒரு வரிசையே இடம் மாறிப்போகும். சீட்டில் உள்ள பெயரையும் எடையையும் பொட்டலத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் பிரைஸ்கேட்சர் தரவை இணையத்தில் எவரும் எடுத்துக்கொள்ளலாம். அதில் `date`, `premise_code`, `item_code`, `price` என நான்கே பத்திகள். பல கடைகளில் ஒரே பொருளின் விலையைத் தொடர்ந்து கவனிக்க அது போதும். மறைந்த விலை எவ்வளவு, சலுகை எவ்வளவு ஆழமானது என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. அதை அப்படியே மாதிரியாக வைத்து மாணவர் அட்டவணையை அமைப்பது எனக்கு உடன்பாடில்லை.

கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மேலே சொன்ன சலவைத் தூளுக்குப் பக்கத்தில் 100 கிராம் 1.15 வெள்ளி என்று வேறொரு தூள் இருந்தால், அலகு விலையை நம்பி வாங்கும் குடும்பம் அதைத்தான் எடுக்கும். உண்மையில் சலுகைத் தூள் 1.05-க்குக் கிடைக்கிறது. சிக்கனமாக வாங்க நினைத்தவரே கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஐரோப்பிய ஒன்றியம் 1998-இலேயே விற்பனை விலையோடு அலகு விலையையும் காட்ட வேண்டும் என்று பொதுவிதி வகுத்தது. 8.90 என்று அச்சிடும் அதே ஸ்டிக்கரில் 1.05 என்ற இன்னொரு வரிக்கும் தாராளமாக இடமிருக்கிறது.