மாமா போட்ட பணம்... மாப்பிள்ளை போட்ட உழைப்பு... பங்கு எப்படி?

அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கம் ஒரு சின்ன ஷெட். ஒரு சி.என்.சி மெஷின் போட்டு ஜாப் ஒர்க் தொடங்க இருவர் முடிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆவடியில் பணி ஓய்வு பெற்ற மாமா 18 லட்சம் ரூபாய் போடுகிறார். அவருடைய அக்கா மகனுக்கு மெஷின் வேலை அத்துப்படி. இப்போது வாங்கும் 45,000 ரூபாய் சம்பளத்தை விட்டுவிட்டு, முழு நேரமும் ஷெட்டிலேயே இருக்கப் போகிறார்.

“காசு முழுக்க என்னுது. பாதிப் பங்கு எப்படி மாப்ள?” என்கிறார் மாமா.

“ராத்திரி பகலா மெஷின்கிட்ட நிக்கப்போறது நான்தானே மாமா?” என்கிறார் மாப்பிள்ளை.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், பேசி முடிக்காமல், எழுதி வைக்காமல் தொடங்கினால் என்ன ஆகும்? 1932-ம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 13-வது பிரிவில் பதில் வைத்திருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபமும் நஷ்டமும் சரிபாதி. வேலை செய்யும் கூட்டாளிக்குச் சம்பளம் கிடையாது. அதாவது, கூடுதல் பணம் போட்ட மாமாவுக்கும் வருத்தம், தினமும் உழைக்கும் மாப்பிள்ளைக்கும் வருத்தம்!

உழைப்புக்கு விலை என்ன?

முதலில் உழைப்பையும் ரூபாயில் எழுத வேண்டும். மாப்பிள்ளை தொழிலிலிருந்து மாதம் 20,000 ரூபாய் எடுத்துக்கொண்டால், அவர் விட்டுக்கொடுப்பது மாதம் 25,000. நான்கு ஆண்டுகளில் அது 12 லட்சம். அவருடைய முதலீடு அதுதான். வெளியில் கிடைக்கும் 45,000 ரூபாயையும் இங்கேயே முழுதாக எடுத்துக்கொண்டால், உழைப்புக்காகத் தனியாகப் பங்கு கேட்க முடியாது.

18-க்கு 12 என்றால் 60:40. ஆனால், மாமாவின் பணம் முதல் நாளே மெஷினாக மாறிவிடுகிறது. தொழில் படுத்தால் பழைய மெஷின் விலைதான் மிஞ்சும். மாப்பிள்ளையோ மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழக்கிறார். சரிவராது என்று தெரிந்தால் வேறு வேலைக்குப் போய்விடலாம். அதனால், ரொக்கத்துக்கு உழைப்பைப்போல இரண்டு மடங்கு மதிப்பு கொடுக்கும் முறையை மைக் மோயர் என்ற அமெரிக்கர் பிரபலப்படுத்தினார். இது சட்டமல்ல, இருவரும் ஒப்புக்கொண்டால் மட்டுமே செல்லும். அதன்படி 36-க்கு 12. பங்கு 75:25.

பணம் கடனா, பங்கா?

25 சதவிகிதம் மாப்பிள்ளைக்குக் குறைவாகத் தெரிகிறதா? இங்கேதான் முக்கியமான கேள்வி வருகிறது. 18 லட்சமும் பங்குப் பணமாகத்தான் இருக்க வேண்டுமா?

மாமா 6 லட்சத்தை மட்டும் முதலாகப் போட்டு, 12 லட்சத்தைத் தொழிலுக்குக் கடனாகக் கொடுக்கலாம். 12 சதவிகித வட்டி என்றால், அசல் குறையும் வரை மாதம் 12,000 ரூபாய் அவருக்கு வரும். இப்போது முதல் 6 லட்சத்தின் இரு மடங்கு 12. மாப்பிள்ளையின் உழைப்பும் 12. பங்கு 50:50!

மாமா பங்கைக் குறைத்துக்கொண்டு, வட்டியும் அசலும் முதலில் வரும்படி செய்துகொள்கிறார். மாப்பிள்ளை அந்தக் கடனை அடைக்கும் பொறுப்போடு பாதிப் பங்கு பெறுகிறார். ஆனால், மாமா ஒன்றை மறக்கக் கூடாது. கூட்டாண்மை கலைந்தால் வெளியாருக்கான பாக்கியை அடைத்த பிறகுதான் கூட்டாளி கொடுத்த கடன் திரும்பி வரும். நிறுவனத்தின் கடனுக்கு, ஷெட் பக்கமே வராத கூட்டாளியும் முழுப் பொறுப்பு.

பாதியில் போனால்?

மாப்பிள்ளையின் 12 லட்சம் என்பது நான்கு ஆண்டுகள் உழைத்தால் மட்டுமே உண்மை. எனவே, அவருடைய 50 சதவிகிதத்தை 48 மாதங்களுக்குப் பிரித்து, உழைத்த மாதங்களுக்கு மட்டும் சொந்தம் என்று எழுத வேண்டும். முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் பங்கு இல்லை என்பது வழக்கமான நிபந்தனை. 18-வது மாத முடிவில் விலகினால் 50-ல் 18 மாதப் பங்கு, அதாவது 18.75 சதவிகிதம். இது இல்லாவிட்டால் ஒன்றரை ஆண்டு உழைத்தவர் பாதிக் கம்பெனியோடு போய்விடுவார்.

சிக்கல் தொடங்குவது கணக்கு நோட்டில் தெரியும். மாமா அவசரத்துக்குக் கொடுத்த 50,000 ரூபாய் கடனா, முதலா என்று எழுதப்படாமல் இருக்கும். மாப்பிள்ளை 20,000-க்கு மேல் எடுத்தது ‘செலவு’ என்று மட்டும் இருக்கும். மாதக் கடைசியில் இருவரும் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.

சம்பளம், வட்டி, மாதக் கணக்கு எல்லாம் கூட்டாண்மைப் பத்திரத்திலேயே இருக்கட்டும். கூட்டாளிக்குத் தரும் வட்டியையும் சம்பளத்தையும் வருமான வரியில் செலவாகக் காட்டவும் பத்திரத்தில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். வட்டிக்கு 12 சதவிகிதம்தான் உச்சவரம்பு. மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் போய்விடுவது நல்லது.