பில்லர் ஓரத்தில் நின்றால் பாரம் எங்கே போகும்?

கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டுகிறவர்களும் கட்டப் போகிறவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மகன் வீடு கட்டும் இடத்துக்குப் போயிருந்தேன். 20 அடி அகல மனை. ஒரு பக்கம் எல்லைக்கோட்டை ஒட்டியே சுவர் வருகிறது. குழி வெட்டி, கம்பி வலை கட்டி, மறுநாள் கான்கிரீட் போட எல்லாம் தயார். எல்லைப் பில்லரின் குழியை எட்டிப் பார்த்தேன். நாலே முக்கால் அடிக்கு நாலே முக்கால் அடி சதுர வலை. நடுவில் நிற்க வேண்டிய பில்லர் கம்பி, வலையின் ஓரத்தில் நிற்கிறது.

மேஸ்திரியிடம் கேட்டேன். "சார், அந்தப் பக்கம் அடுத்தவங்க இடம். ஃபுட்டிங்கை உள்ளே தள்ளித்தானே போடணும்? இந்த ஊர்ல எல்லாரும் இப்படித்தான் போடறாங்க" என்றார். தம்பி மகனோ, "வேணும்னா ரெண்டடி அந்தப் பக்கம் விட்டுடலாமா பெரியப்பா? மண்ணுக்குள்ள யாரு பாக்கப் போறா?" என்றான்.

முதலில் அவனுக்குப் பதில். அடுத்தவர் மண்ணுக்குள் போட்டாலும் அது ஆக்கிரமிப்புதான். நாளைக்கு அவர் வீடு கட்டக் குழி வெட்டும்போது உன் ஃபுட்டிங் அவர் கடப்பாரையில் தட்டும். தன் இடத்தில் இருப்பதை அவர் உடைக்கச் சொன்னால் என்ன செய்வாய்? உன் வீட்டின் காலை அவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா?

இனி மேஸ்திரிக்கு. வகுப்பில் நாற்பது பேரும் ஒரே தப்பு விடையை எழுதினால் அது சரியான விடை ஆகிவிடாது. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ஐந்தாம் வகுப்பில் ஏற்றப்பலகை பாடம் நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? பாரமும் தாங்கலும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் பலகை சாயாது. பில்லர் ஓரத்தில் அழுத்துகிறது. மண் ஃபுட்டிங்கின் அடி முழுவதும் பரவித் தாங்க வேண்டும். இரண்டும் நேராக இல்லாதபோது ஃபுட்டிங் எல்லைப் பக்கம் அமுங்கி, உள்பக்கம் மேலே எழப் பார்க்கும்.

என்னிடம் படித்து இன்று கட்டுமானப் பொறியாளராக இருக்கும் மாணவரை அன்றைக்கே வரவழைத்தேன். அவர் போட்ட கணக்கை எளிமையாகச் சொல்கிறேன். எல்லைப் பில்லரில் வரும் பாரம் 30 டன். அதற்கு அடுத்த உள் பில்லரில் 45 டன். இரண்டுக்கும் நடுவே 10 அடி. அந்த மண் ஒரு சதுர அடிக்கு ஒன்றரை டன் தாங்கும். பில்லர் நடுவில் நின்றால் அந்தச் சதுர ஃபுட்டிங் போதும். ஓரத்தில் நின்றால், எல்லையை ஒட்டிய சுமார் 2 அடி அகல மண் மட்டுமே பாரத்தை வாங்குகிறது. விளிம்பில் அழுத்தம் சதுர அடிக்கு ஏறக்குறைய 7 டன். தாங்கும் சக்தியைப் போல நாலரை மடங்கு! மண் அமுங்காமல் பில்லரும் பீமும் இழுத்துப் பிடித்தால், அந்த வளைவு முழுவதும் ஒல்லியான பில்லர் தலையில் விழும்.

"என் வீடு இருபது வருஷமா நிக்குதே" என்பார்கள். தரைத்தளம் மட்டும் இருக்கும்வரை பாரம் குறைவு. பிளிந்த் பீமும் சுவரும் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்ளும். மாடி ஏற்றிய பிறகு பாருங்கள். என் வீட்டிலேயே அதுதான் நடந்தது. மாடி கட்டிய இரண்டாம் வருஷம், எல்லைச் சுவரை ஒட்டிய அறைக்கதவு சாத்த முடியாமல் போனது. பீமும் பில்லரும் சேரும் இடத்தில் சாய்வாக வெடிப்பு. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் பில்லர் வெளிப்பக்கம் அரை அங்குலம் சாய்ந்திருந்தது. தோண்டிப் பார்த்தோம். இதே ஓர ஃபுட்டிங். அதனால்தான் இவ்வளவு கோபம்.

அப்படியானால் வழி? இரண்டு பில்லருக்கும் சேர்த்து ஒரே ஃபுட்டிங். கம்பைண்ட் ஃபுட்டிங் என்பார்கள். அதன் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான்: இரண்டு பாரமும் சேர்ந்து அழுத்தும் புள்ளியும் ஃபுட்டிங்கின் நடுப்புள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நம் கணக்கில் மொத்தம் 75 டன். 45ஐ 10ஆல் பெருக்கி 75ஆல் வகுத்தால் 6. அதாவது கூட்டுப் பாரம் எல்லைப் பில்லரின் மையத்திலிருந்து 6 அடியில் விழுகிறது. பில்லர் மையம் எல்லையிலிருந்து அரை அடி. ஆக, எல்லையிலிருந்து ஆறரை அடி. ஃபுட்டிங் எல்லையில்தான் தொடங்க முடியும் என்பதால் அதன் நீளம் இரு மடங்கு, 13 அடி. ஃபுட்டிங்கின் சொந்த எடைக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 82.5 டன். ஒன்றரையால் வகுத்தால் 55 சதுர அடி. அகலம் நாலே கால் அடி. முடிந்தது. அடுத்தவர் மண்ணில் ஓர் அங்குலம் கூடப் போகவில்லை.

"செலவு எகிறிடும் சார்" என்றார் மேஸ்திரி. தனித்தனி ஃபுட்டிங் போட்டால் 22ம் 33ம், அதே 55 சதுர அடிதான். கனமும் மேல் கம்பியும் கூடுகிறது, உண்மைதான். சாய்ந்த பில்லரைச் சரிசெய்ய நான் செலவழித்ததோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

அந்த மேல் கம்பியில்தான் அடுத்த ஆபத்து இருக்கிறது. தனி ஃபுட்டிங்கில் வலை அடியில் மட்டும் போதும். கைப்பழக்கத்தில் இங்கேயும் அடியில் மட்டும் கட்டிவிடுவார்கள். ஆனால் கம்பைண்ட் ஃபுட்டிங் கவிழ்த்துப் போட்ட பீம் மாதிரி. கீழிருந்து மண் தள்ளுகிறது, இரண்டு முனையிலும் பில்லர்கள் அழுத்திப் பிடிக்கின்றன. நடுப்பகுதி மேல்நோக்கிப் புடைக்கும். அங்கே இழுவிசை மேல்முகத்தில். நம் கணக்கில் பில்லர்களுக்கு நடுவே மேல்பக்கம் வரும் வளைவு 63 டன்-அடி. உள் பில்லருக்கு வெளியே நீளும் பகுதியில் கீழ்ப்பக்கம் வருவது 18தான். மேல் கம்பி இல்லாமல் போட்டால் கான்கிரீட் நடுவில் பிளக்கும், மண்ணுக்குள் இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. மேல் கம்பி கான்கிரீட் கொட்டும்போது தொய்ந்துவிடாமல் கீழே சேர் கம்பி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பில்லர்களுக்கு அடியில் குறுக்குக் கம்பியும் வேண்டும்.

இந்த 13 அடி எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. எல்லைப் பில்லரில் பாரம் அதிகமாக இருந்தால் கூட்டுப் புள்ளி எல்லைப் பக்கம் நகரும். செவ்வகம் உள் பில்லரை எட்டாமலே நின்றுவிடலாம். அப்போது எல்லைப் பக்கம் அகலமான சரிவக வடிவில் போடுவார்கள். பில்லர்கள் தூரமாக இருந்தால் இரண்டு ஃபுட்டிங்கையும் ஸ்ட்ராப் பீமால் இணைப்பார்கள். தண்ணீர்த் தொட்டியோ இன்னொரு மாடியோ பின்னால் எல்லைப் பக்கம் வரும் என்றால், கணக்குப் போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அன்று கான்கிரீட்டை நிறுத்தினோம். மேஸ்திரிக்கு வருத்தம்தான். நாலு நாள் தாமதம். உங்கள் வீட்டில் எல்லைப் பில்லர் இருந்தால், கான்கிரீட் வண்டி வருவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தப் பாரம் எந்தப் புள்ளியில் விழுகிறது?" வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட முடியாதவரிடம் கான்கிரீட் போட விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்