விழுந்தது கோடுதான்

தில்லி மயூர் விஹாரில் எங்கள் பக்கத்து ஃபிளாட்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கையில் ஒரு தாளோடு வந்தார். மகள் எட்டாம் வகுப்பு. அவள் போகும் டியூஷன் சென்டரில் இப்போதெல்லாம் ரேங்க் பட்டியலுக்குப் பதில் படம் வரைந்து அனுப்புகிறார்கள். “பாருங்க சார், முதல் டெஸ்ட்ல நாலாவது. இப்ப ஏழாவது. கோடு எப்படிச் சரிஞ்சு கிடக்கு பாருங்க” என்றார். வீட்டில் டி.வி.யை அணைத்தாகிவிட்டது, பாட்டு வகுப்பை நிறுத்தியாகிவிட்டது. அவர் பின்னால் நின்ற அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் எளிமையானதுதான். ஒவ்வொரு தேர்வுக்கும் மேலிருந்து கீழாக ஒரு வரிசை. உச்சியில் முதல் ரேங்க், அடியில் கடைசி ரேங்க். ஒரு மாணவருக்கு ஒரு புள்ளி. அந்த மாணவரின் புள்ளிகளைத் தேர்வுக்குத் தேர்வு கோட்டால் இணைத்துவிட வேண்டும். இதற்கு ஆங்கிலப் பெயர் பம்ப் சார்ட். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் நடக்கும் ‘பம்ப்ஸ்’ படகுப் போட்டியிலிருந்து வந்த பெயர். அங்கே ஆறு குறுகலானது. படகுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓட முடியாது. அதனால் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டு நிறுத்துவார்கள். பின்னால் வரும் படகு முன்னால் போவதைத் துரத்திப்போய் இடித்துவிட்டால், மறுநாள் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். நாலு நாள் பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குப் போனார்கள் என்பதைக் கோடுகளாக வரைந்தார்கள். ஓர் இடிக்கு ஒரு குறுக்குவெட்டு.

படகுப் போட்டிக்கு இந்தப் படம் கச்சிதமாகப் பொருந்துகிறது. காரணம், அங்கே வரிசைதான் எல்லாம். மயிரிழையில் இடித்தாலும் அநாயாசமாக இடித்தாலும் கிடைப்பது ஓர் இடம்தான். பரீட்சை அப்படியில்லை. ரேங்குக்கு அடியில் மதிப்பெண் இருக்கிறது. படம் அதை மறைத்துவிடுகிறது.

“மார்க் எங்கே?” என்று கேட்டேன். நண்பர் இறங்கிப்போய் இரண்டு தேர்வுகளின் மதிப்பெண் தாள்களையும் எடுத்து வந்தார். அந்த பேட்சில் எட்டுப் பேர், மொத்தம் 500 மார்க். முதல் தேர்வில் அந்தப் பெண் 402. அவளுக்குக் கீழே இருந்தவர்கள் 376, 371, 368, 305. இரண்டாவது தேர்வில் அவள் 410. அதாவது எட்டு மார்க் கூடியிருக்கிறது. ஆனால் 376, 371, 368 வாங்கிய மூன்று பேரும் நன்றாகப் படித்து 417, 414, 411 வாங்கிவிட்டார்கள். மூன்று கோடுகள் அவள் கோட்டை வெட்டிக்கொண்டு மேலே போயின. அவள் மூன்று இடம் இறங்கினாள். அவ்வளவுதான் நடந்தது. மூன்றாம் ரேங்க் 417, ஏழாம் ரேங்க் 410. ஏழு மார்க்குக்குள் ஐந்து பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். மின்சார ரயிலில் ஏறும் கூட்டம் மாதிரி, யார் முன்னால் யார் பின்னால் என்பது ஒரு முழங்கை விஷயம்.

இந்தப் படத்தின் குணமே இதுதான். அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு நடுவே எப்போதும் ஒரே அளவு இடைவெளி வைத்து வரைவார்கள். நிஜத்தில் அங்கே ஒரு மார்க் வித்தியாசமும் இருக்கலாம், அறுபது மார்க் வித்தியாசமும் இருக்கலாம்.

2024 ஐ.பி.எல். பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எட்டு ஆட்டத்தில் ஏழில் தோற்று அடிமட்டத்தில் கிடந்த பெங்களூர் அணி, அடுத்த ஆறையும் ஜெயித்து 4ஆம் இடத்துக்கு வந்தது. அந்த ஏற்றம் நிஜம். ஆறு வெற்றி, பன்னிரண்டு பாயின்ட். ஆனால் கடைசிப் பட்டியலில் 4ஆம் இடத்திலிருந்து 7ஆம் இடம் வரை பெங்களூர், சென்னை, டெல்லி, லக்னோ நான்குக்கும் அதே 14 பாயின்ட். நெட் ரன் ரேட்தான் அவர்களைப் பிரித்தது. பெங்களூருக்கு 0.459, சென்னைக்கு 0.392. மே 18 அன்று பெங்களூர் 218 ரன் எடுத்த ஆட்டத்தில், சென்னை 201ஐத் தொட்டிருந்தால் தோற்றும் உள்ளே போயிருக்கும். எடுத்தது 191. மூன்றாவதாக வந்த ராஜஸ்தானுக்கு 17 பாயின்ட். பம்ப் சார்ட்டில் 3க்கும் 4க்கும் நடுவே உள்ள மூன்று பாயின்ட் தூரமும், 4க்கும் 5க்கும் நடுவே உள்ள அந்தப் பத்து ரன் தூரமும் ஒரே அளவுதான்.

கிரிக்கெட்டில் அதைப்பற்றிக் கவலையில்லை. நாலு பேருக்குத்தான் அடுத்த சுற்றில் இடம் என்றால் வரிசைதான் தீர்ப்பு. குறைந்த சீட்டுக்கு நடக்கும் நுழைவுத் தேர்விலும் அப்படியே. ஆனால் எட்டாம் வகுப்பு டியூஷனில் யாருக்கும் சீட் கொடுக்கப்போவதில்லை. அங்கே கேள்வி, குழந்தை முன்னைவிட நன்றாகப் படிக்கிறதா என்பது. அதற்கு ரேங்க் கோடு பதில் சொல்லாது.

நண்பரிடம் இரண்டு காரியம் செய்யச் சொன்னேன். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் மார்க்கை எழுதுங்கள். பிறகு அதே தாளின் கீழே, ரேங்குக்குப் பதில் மார்க்கையே உயரமாக வைத்து இன்னொரு படம் போடுங்கள். மேல்படத்தில் கோடு விழுந்து, கீழ்ப்படத்தில் அது ஏறியிருந்தால், குழந்தை பின்தங்கவில்லை. மற்றவர்கள் வேகமாக வந்திருக்கிறார்கள். இரண்டிலும் விழுந்திருந்தால் அப்போது உட்கார்ந்து பேசுங்கள். பேட்சில் புதிதாக ஒரு கெட்டிக்காரர் சேர்ந்தாலும் கீழே உள்ள எல்லாக் கோடுகளும் ஒரு படி இறங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தேர்வு முடிந்ததும் நண்பர் மைசூர்பாகுடன் வந்தார். பெண் மூன்றாம் ரேங்க்! கோடு விர்ரென்று மேலே ஏறியிருந்தது. மார்க் 421. பதினொன்று கூடியதற்கு நாலு இடம். 415க்கும் 421க்கும் நடுவே மறுபடியும் அதே ஐந்து பேர். “அப்ப இதுவும் பெரிசா சந்தோஷப்படற விஷயம் இல்லையா சார்?” என்றார் கொஞ்சம் ஏமாற்றத்துடன். பத்தொன்பது மார்க் கூடியிருக்கிறாளே, அதற்குச் சந்தோஷப்படுங்கள் என்றேன்.

அவர் கீழே வரைந்திருந்த மார்க் படத்தை அந்தப் பெண்தான் முதலில் சரியாகப் பார்த்தாள். “அங்கிள், இந்தக் கோட்டைப் பாருங்க” என்று கடைசிக் கோட்டைக் காட்டினாள். ரேங்க் படத்தில் அந்தப் பையன் எட்டு, எட்டு, எட்டு. அடியில் நேராகப் படுத்திருக்கும் ஒரு கோடு. மார்க் படத்தில் 305, 330, 362. மூன்று தேர்வில் 57 மார்க் ஏறியிருந்தான். அந்த பேட்சில் வேறு யாரும் அவ்வளவு ஏறவில்லை.

அந்தப் பையன் வீட்டுக்கு மேல்படம் மட்டும்தான் போயிருக்கும்.