லிங்க் வழியே வரும் விருந்தினர்

கோவையில் ஓர் இலக்கிய அமைப்பு தன் மாதக் கூட்டத்தை யூடியூபில் நேரலையாகத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இம்மாதம் பேச இருப்பவர் டொரன்டோவில் வசிக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர். கையில் இருப்பது ஓர் ஐபோன் மட்டும். புதிய செயலியை இறக்கு, கணக்குத் தொடங்கு என்று சொன்னால் அவர் தயங்குவார். அமைப்பினர் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்புகிறார்கள். அவர் அதைத் தட்டுகிறார். கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி தரட்டுமா என்று ஃபோன் கேட்கிறது. சரி என்கிறார். சில நொடிகளில் அவர் முகம் கோவைக் கணினியில் தெரிகிறது.

எதையும் நிறுவாமல் இது நடப்பதற்குக் காரணம், வேண்டிய மென்பொருள் அவர் ஃபோனில் ஏற்கெனவே இருப்பதுதான். படத்தையும் குரலையும் நேரடியாக அனுப்பிப் பெறும் திறன் இன்றைய பிரவுசர்களுக்குள்ளேயே உண்டு. அதன் பெயர் வெப்ஆர்டிசி. கூகுள் 2011இல் இதைத் திறந்த மூலமாக வெளியிட்டது. 2021இல் இது இணையத்தின் முறையான தரநிலை ஆனது. இந்தத் திறனை நேரலைக்குப் பயன்படுத்தித் தரும் இலவசத் தளம் விடிஓ.நிஞ்சா. ஸ்டீவ் செகுயின் என்பவர் உருவாக்கியது. தொடக்கத்தில் அதற்கு ஓபிஎஸ்.நிஞ்சா என்று பெயர். ஓபிஎஸ் என்பது பலரும் நேரலைக்குப் பயன்படுத்தும் மென்பொருள். அது கோவைக் கணினியில் மட்டும் இருந்தால் போதும்.

பேராசிரியர் லிங்க்கைத் தட்டியதும் நடப்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். அவர் ஃபோன் வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டுக்குள் அதற்கு ஒரு முகவரி உண்டு. வெளியுலகுக்கு அந்த முகவரி தெரியாது. கோவைக் கணினியின் நிலையும் அதுவே. எனவே இரண்டும் முதலில் பொதுவான ஒரு சர்வரிடம், ‘வெளியிலிருந்து பார்த்தால் நான் எந்த முகவரியில் தெரிகிறேன்?’ என்று கேட்கின்றன. இந்த சர்வருக்கு ஸ்டன் என்று பெயர். கிடைத்த பதிலைத் தளத்தின் வழியாக ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. பிறகு இரு பக்கமும் ஒரே சமயத்தில் மற்றதை நோக்கித் தரவை அனுப்பிப் பார்க்கின்றன. உள்ளிருந்து வெளியே போனதற்கு வரும் பதில் என்று கருதி ரவுட்டர் வழிவிடுகிறது. அதன்பின் படமும் குரலும் டொரன்டோவிலிருந்து கோவைக்கு நேராக வருகின்றன. தளத்தின் வேலை அறிமுகம் செய்துவைப்பதோடு முடிந்துவிடும்.

எல்லா இடத்திலும் இப்படி வழி கிடைக்காது. அலுவலக நெட்வொர்க் மறிக்கலாம். மொபைல் நிறுவனங்கள் ஏராளமான ஃபோன்களை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் வைத்திருக்கும்போதும் சிக்கல் வரலாம். அப்போது டர்ன் எனப்படும் இடைச் சர்வர் தரவை வாங்கிக் கைமாற்றி அனுப்பும். பேச்சு நடக்கும், தாமதம் சற்றுக் கூடும். எந்த வழியில் வருகிறது என்று அறிய, கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி படத்தைக் கிளிக் செய்தால் விவரப் பட்டியல் வரும். அதில் `relay` என்று இருந்தால் இடைச் சர்வர் வழி என்று பொருள்.

இனி லிங்க்குகள். நம் கூட்டத்துக்கு மூன்று வேண்டும். முதலாவது பேராசிரியருக்கு, இரண்டாவது கோவையில் கூட்டத்தை நடத்துபவருக்கு, மூன்றாவது ஓபிஎஸ்ஸுக்கு.

```
https://vdo.ninja/?room=kovai27x&push=pera1
https://vdo.ninja/?director=kovai27x
https://vdo.ninja/?view=pera1&solo&room=kovai27x
```

`kovai27x` என்பது அறையின் பெயர். `pera1` பேராசிரியருக்கு நாம் வைத்த அடையாளம். இரண்டும் நம் விருப்பம். அடையாளத்தை முன்பே வைத்துவிடுவது நல்லது. பேராசிரியரின் இணைப்பு அறுந்து அவர் திரும்பி வந்தாலும் மூன்றாவது லிங்க் மாறாது. ஓபிஎஸ்ஸில் எதையும் தொட வேண்டியதில்லை. அந்த லிங்க்கை ஓபிஎஸ்ஸில் `Browser` என்ற சோர்ஸாகச் சேர்த்து, அகலம் 1280, உயரம் 720 என்று தந்து, `Control audio via OBS` என்ற பெட்டியை டிக் செய்ய வேண்டும்.

முதல் முறை செய்பவர்கள் பெரும்பாலும் இடறுவது ஒலியில். அறை இல்லாமல், அனுப்ப ஒரு லிங்க், பார்க்க ஒரு லிங்க் என்று மட்டும் வைத்தால் பேராசிரியரின் குரல் நமக்குக் கேட்கும். நம் குரல் அவருக்குக் கேட்காது. அவர் யூடியூபைத் திறந்து கேட்க முயல்வார். அது பத்து, இருபது நொடி பின்தங்கி வரும். பேசவே முடியாது. அதனால்தான் அறை வேண்டும். நடத்துபவர் இரண்டாவது லிங்க்கில் நுழைந்து தன் மைக்கை இயக்கினால், அவர் குரல் அரை நொடிக்குள் டொரன்டோவுக்குப் போய்விடும்.

இதிலிருந்து வேறொரு குழப்பம் பிறக்கும். பேராசிரியரின் குரல் இப்போது கோவைக் கணினிக்கு இரண்டு முறை வருகிறது: ஓபிஎஸ்ஸுக்குள் ஒருமுறை, நடத்துபவரின் பிரவுசரில் ஒருமுறை. ஓபிஎஸ் கணினியின் மொத்த ஒலியையும் எடுத்துக்கொண்டிருந்தால் இரண்டும் நேரலையில் கலந்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். நடத்துபவரின் ஹெட்ஃபோனில் இது தெரியாது. யூடியூபில் பார்ப்பவர்கள்தான் சொல்வார்கள். ஆனால் ஓபிஎஸ்ஸின் ஒலிப் பகுதியைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். பேராசிரியர் பேசும்போது `Browser` பட்டையோடு `Desktop Audio` பட்டையும் சேர்ந்து துள்ளினால் இதுதான் கோளாறு. `Desktop Audio`வை மியூட் செய்தால் தீரும். பேராசிரியரை இயர்ஃபோன் போட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும்; அப்போதுதான் நம் குரல் அவர் ஸ்பீக்கரிலிருந்து அவர் மைக்குக்கே திரும்பிப் போகாது.

படம் அடிக்கடி மங்கினால் அப்லோட் வேகத்தைப் பார்க்க வேண்டும். தரவு நேராகச் செல்வதால், பார்க்கும் ஒவ்வோர் இடத்துக்கும் விருந்தினரின் ஃபோன் தனித்தனிப் பிரதி அனுப்புகிறது. ஓபிஎஸ்ஸுக்குப் போவது வழக்கமாக நொடிக்குச் சுமார் 2.5 மெகாபிட். நடத்துபவருக்கு, அதைவிடக் குறைந்த தரத்தில், இன்னொரு பிரதி. வேறு விருந்தினர்களும் அறையில் இருந்தால் அவர்களுக்கும் ஒவ்வொன்று. மூன்றாவது லிங்க்கின் இறுதியில் `&videobitrate=1200` என்று சேர்த்தால் ஓபிஎஸ்ஸுக்கான சுமை பாதியாகும்; பேசும் முகத்துக்கு அது போதும். இரண்டு மூன்று பேர்வரை இந்த முறை நன்றாகத் தாங்குகிறது. ஐந்தாறு பேர் பேசும் அரங்கம் என்றால், எல்லார் படத்தையும் தன் சர்வரில் வாங்கிப் பகிரும் கட்டணச் சேவைதான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

லிங்க் ஒரு சாவி என்பதையும் மறக்கக் கூடாது. அது கிடைத்த எவரும் அறைக்குள் வரலாம். அதைக் குழுக்களில் பகிராமல் பேசுபவருக்கு மட்டும் அனுப்ப வேண்டும்; எளிதில் ஊகிக்க முடியாத அறைப்பெயர் வைக்க வேண்டும். வழியில் படமும் குரலும் மறையாக்கம் செய்யப்பட்டே செல்கின்றன. ஆனால் நேரடி இணைப்பில் இரு தரப்பு ஐபி முகவரியும் மற்றவருக்குத் தெரியவரும். நண்பர்களுக்குள் இது பொருட்டல்ல. முன்பின் அறியாதவரை அழைக்கும்போது யோசிக்க வேண்டும்; லிங்க்குகளின் இறுதியில் `&relay` என்று சேர்த்தால் இடைச் சர்வர் வழியாகவே செல்லும்.

ஒத்திகையை முதல்நாள் அதே நேரத்தில் வைப்பது நல்லது. கோவையில் மாலை 6.30 என்றால் கோடைகால டொரன்டோவில் காலை 9 மணி. பேராசிரியர் கூட்டத்தன்று உட்காரப்போகும் அதே அறையில், அதே வைஃபையில் இருக்கட்டும். லிங்க்கை சஃபாரியில் திறக்கிறாரா என்று பார்க்க வேண்டும்; சில செயலிகள் லிங்க்கைத் தமக்குள்ளேயே திறக்கும், அங்கே கேமரா கிடைக்காமல் போகலாம். பேச்சுக்கு நடுவே வாட்ஸ்அப்பைப் பார்க்க ஒரு நிமிடம் வெளியே போய் வரச் சொல்லுங்கள். படம் அப்படியே உறைந்துவிடும். அதை அவரே ஒருமுறை பார்த்துவிட்டால், மறுநாள் அழைப்புகள் வராதபடி நிறுத்திவிட்டு, ஃபோனைச் சார்ஜரில் செருகி, புத்தக அடுக்கில் சாய்த்து வைத்துவிடுவார்.