ஒரு நோயாளி, மூன்று வரிகள்

மதிப்பிற்குரிய மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களுக்கு,

நம் மருத்துவமனையின் மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்பு மையத்தில் பணிபுரியும் மருந்தாளுநர் எழுதுகிறேன். வார்டுகளிலிருந்து வரும் சீட்டுகளைச் சேர்த்து, ஒரு நோயாளிக்கு ஒரு வரி என்று லைன் லிஸ்ட் தயாரிப்பது எங்கள் வேலை. அந்த வரி எப்படிப் பிழையாகிறது என்பதை ஒரு மாதிரி நிகழ்வைக் கொண்டு சொல்கிறேன்.

ஒருவர் வலிப்புக்காக 2ஆம் தேதி கார்பமாசெபைன் சாப்பிடத் தொடங்குகிறார். 17ஆம் தேதி காய்ச்சலும் தொண்டை வலியும். 18ஆம் தேதி மாலை வெளியே ஒரு கிளினிக்கில் அமாக்சிசிலின் தருகிறார்கள். 19ஆம் தேதி காலை உடம்பெங்கும் தடிப்பு, வாயில் புண். 21ஆம் தேதி நம்மிடம் சேர்கிறார்; ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்று தெரிகிறது. இரண்டு மருந்தையும் அன்றே நிறுத்துகிறார்கள்.

தோல் பிரிவின் படிவத்தில் நோயின் பெயர் சரியாக இருக்கும். மருந்து 'வலிப்பு மாத்திரை' என்று மட்டும் இருக்கும். வார்டுப் பதிவேட்டில் 'அமாக்சிசிலின் அலர்ஜி, 21' என்றிருக்கும். மருந்தகச் சீட்டில் பிராண்ட் பெயரும் வாங்கிய தேதியும் இருக்கும். நோயாளியின் வயது மட்டும் ஒன்று கூடியிருக்கும். அப்படியே பெயர்த்து எழுதினால் ஒரே மனிதர் மூன்று வரிகளாகிவிடுவார். அமாக்சிசிலின் மீது ஒரு பழியும் விழும்.

தேதிகளை வரிசைப்படுத்தினால் படம் மாறுகிறது. தடிப்புக்கு ஓரிரு நாள் முன்னால் வரும் காய்ச்சலும் தொண்டை வலியும் பல நேரங்களில் இந்த நோயின் தொடக்கமே. அப்படியானால் அமாக்சிசிலின் கொடுக்கப்பட்டபோது நோய் ஏற்கெனவே வந்துவிட்டது. கார்பமாசெபைன் தொடங்கிப் பதினைந்து நாள் கழித்து இது வருவது பொருந்துகிற இடைவெளி. இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தியதால், நிறுத்திய பின் குணமானது என்ற குறிப்பு எதையும் பிரித்துக் காட்டாது. சேர்க்கை தேதியான 21ஐ நோய் தொடங்கிய தேதி என்று எழுதிவிட்டால் இந்தக் கணக்கே கிடைக்காது. நோயாளியும் அமாக்சிசிலினைத் தவிர்க்கச் சொல்லும் சீட்டோடு வீட்டுக்குப் போய், மறுபடி கார்பமாசெபைன் சாப்பிடக்கூடும். எனக்குப் பயமே அதுதான்.

எந்த மருந்து காரணம் என்று தீர்மானிப்பது லிஸ்ட் எழுதுபவரின் வேலை அல்ல. அது மருத்துவர்கள் அடங்கிய குழுவின் பொறுப்பு. நாங்கள் செய்ய வேண்டியது, இரண்டு மருந்துகளையும் அவற்றின் தேதிகளோடு ஒரே வரியில் வைப்பது. தெரியாத கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதுவது, ஊகித்து நிரப்பாமலிருப்பது.

இதற்குத் தங்களிடம் இரண்டு உத்தரவுகள் வேண்டும். எந்தப் பிரிவு அனுப்பினாலும் சீட்டில் உள்நோயாளி எண் இருக்க வேண்டும். பெயரையும் வயதையும் நம்பி இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நோயாளி டிஸ்சார்ஜ் ஆவதற்குள் நாங்கள் கேஸ் ஷீட்டைப் பார்த்து, அவரிடமோ உடனிருப்பவரிடமோ மருந்து தொடங்கிய நாளையும் முதல் அறிகுறி தெரிந்த நாளையும் கேட்டு எழுத அனுமதி வேண்டும். கோப்பு ஆவண அறைக்குப் போன பிறகு அந்த இரண்டு தேதிகளைச் சொல்ல ஆளில்லை.

இப்படிக்கு,
கண்காணிப்பு மைய மருந்தாளுநர்